தினம் ஒரு குறள்: ஆறு மாதத்தில் 130 குறள் மனத்தில் நிற்க ஓர் ஏற்பாடு

கேள்வி: வீட்டில் நான்கைந்து பேருக்குத் தினமும் காலையில் ஒரு பழந்தமிழ்ப் பாட்டைப் பொருளோடு வாட்ஸ்அப்பில் அனுப்பி, பல மாதங்களில் மெதுவாக மனப்பாடம் செய்யலாம் என்று இருக்கிறோம். முன்பு ஒருமுறை தொடங்கி, ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்றும் நினைவில் இல்லை. எந்த நூலில் தொடங்குவது, நாளுக்கு எவ்வளவு, செய்தியை எப்படி எழுதுவது?

பதில்:

திருக்குறளில் தொடங்குங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு குறள். சனி, ஞாயிறு புதிதாக எதுவும் வேண்டாம். இரண்டு வாரத்தில் ஓர் அதிகாரம் முடியும். 26 வாரத்தில், அதாவது ஆறு மாதத்தில், 13 அதிகாரம், 130 குறள். வாரம் ஏழு நாளும் புதுக்குறள் என்று வைத்தால் 1330-ஐயும் முடிக்க மூன்றே முக்கால் ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஆனால் பழையதைச் சொல்லிப் பார்க்க நாளே மிஞ்சாது. உங்கள் முதல் முயற்சி நின்றுபோனதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். தினமும் ஒன்று வந்தது, படித்தீர்கள், மறுநாள் அதன் மேல் இன்னொன்று வந்தது. படித்ததை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. படிப்பதால் பாட்டு பழகியதாகத் தோன்றும். பார்க்காமல் சொல்ல முயலும்போதுதான் நினைவில் ஏறும். ஆகவே காலைச் செய்தியின் முதல் வேலை பழைய குறளைக் கேட்பது. புதிய குறள் அதற்குப் பிறகு வரட்டும்.

கல்வி அதிகாரத்தை (40) எடுத்துக்கொண்டு, இரண்டாம் வாரத் திங்கட்கிழமைச் செய்தி எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். அன்று புதிய குறள் 396.

முந்தையது: உடையார்முன் … கடையரே …
போன வாரம்: கற்க …

(இங்கே பத்து வெற்று வரிகள்)

குறள் 396, கல்வி

தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக்

கற்றனைத் தூறும் அறிவு

பிரித்தால்: தொட்ட அனைத்து ஊறும் மணற்கேணி; மாந்தர்க்குக் கற்ற அனைத்து ஊறும் அறிவு
சொல்: தொட்ட – தோண்டிய, அனைத்து – அந்த அளவுக்கு
பொருள்: மணலில் கேணியைத் தோண்டிய அளவுக்கு நீர் ஊறும், அதுபோல மனிதருக்குக் கற்ற அளவுக்கு அறிவு ஊறும்.

செய்தி இவ்வளவுதான். மேலே இருக்கும் இரண்டு வரியும் முந்தைய குறளையும் ஒரு வாரத்துக்கு முந்தைய குறளையும் கேட்கின்றன. முந்தைய குறளுக்கு முதற்சீரோடு இரண்டாம் அடியின் தொடக்கத்தையும் கொடுக்கலாம். ஒரு வாரம் ஆனதற்கு முதற்சீர் மட்டும் போதும். வெற்று வரிகள் இருப்பதற்குக் காரணம், கீழே உருட்டுவதற்கு முன் அந்த இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்பது. பிறகு புதிய குறளைப் பார்த்து மூன்று தடவை உரக்கப் படித்து, திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு மூன்று தடவை சொல்ல வேண்டும். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடத்துக்குள் முடியும். அதற்கு மேல் நேரம் கேட்கும் ஏற்பாடு, காலை அவசரத்தில் இரண்டு வாரம்கூடத் தாங்காது.

அடுத்து, குறளை எந்த வடிவில் அச்சிடுவது என்பது. இதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். பழைய பதிப்புகள் சீர் பிரித்து அச்சிடும். இணையத்தில் பல இடங்களில் சொல் பிரித்து இருக்கும். சீர் பிரித்ததில் 'தூறும்' என்று நிற்பதைப் பார்த்ததும் மழைத் தூறல்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 'அனைத்து' என்பதன் ஈற்றும் 'ஊறும்' என்ற சொல்லும் சேர்ந்த இடம் அது. ஓசைக்காகச் சொல்லை உடைத்து அடுத்த சீரோடு சேர்க்கும் இதற்கு வகையுளி என்று பெயர். சரி, பொருள் விளங்கச் சொல் பிரித்தே கொடுத்துவிடலாமே என்றால், ஓசை போய்விடும். 399-ஐப் பாருங்கள்.

தாமின் புறுவ துலகின் புறக்கண்டு
காமுறுவர் கற்றறிந் தார்

இதை 'தாமின் புறுவது உலகின் புறக்கண்டு' என்று பல இடங்களில் அச்சிட்டிருப்பார்கள். வெண்பாவில் மாச்சீருக்குப் பின் நிரையும், விளச்சீருக்குப் பின்னும் காய்ச்சீருக்குப் பின்னும் நேரும் வர வேண்டும். 'புறுவ' மாச்சீர், அதன் பின் 'துலகின்' நிரையில் தொடங்குகிறது, சரி. 'புறுவது' என்று நீட்டினால் அது விளச்சீர் ஆகிவிடும், அதன் பின் 'உலகின்' நிரையில் தொடங்குகிறது, தளை தட்டுகிறது. இலக்கணம் தெரியாதவர்க்கும் நாக்கு அந்த இடத்தில் ஒரு கணம் நிற்கும். மனப்பாடத்தில் அப்படி நிற்கும் இடமே பின்னால் மறக்கும் இடம். ஆகவே மனப்பாடம் செய்ய வேண்டியது சீர் பிரித்த வடிவத்தை. புரிந்துகொள்ள வேண்டியது சொல் பிரித்த வடிவத்தை. இரண்டும் செய்தியில் இருக்க வேண்டும், சீர் வடிவம் மேலே, சொல் வடிவம் கீழே. வாயால் சொல்வது எப்போதும் மேலே உள்ளதைத்தான். பழக்கமாகிவிட்டால் 'தாம் இன்புறுவது உலகு இன்புறக் கண்டு' என்ற பொருள் அந்த ஓசைக்குள்ளேயே கேட்கத் தொடங்கும்.

இரண்டு அடிக்கும் நடுவே ஒரு வெற்று வரி விடுவதற்கும் காரணம் உண்டு. கைபேசியில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவருக்கு நாற்சீர் அடி மடங்கி இரண்டு வரியாகிவிடும். மூன்று நான்கு வரியாகத் தெரியும் குறளில் இரண்டாம் அடி எங்கே தொடங்குகிறது என்பது மறைந்துபோகும். வீட்டில் யார் பெரிய எழுத்து வைத்திருக்கிறார்களோ அவர் கைபேசியில் ஒருமுறை பார்த்துவிட்டு அமைத்துக்கொள்ளுங்கள். படமாகச் செய்து அனுப்பாதீர்கள். மூன்று மாதம் கழித்து 'மணற்கேணி' என்று தேடினால் படம் அகப்படாது, எழுத்து அகப்படும்.

இரண்டாம் அடியின் தொடக்கம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்டால், குறள் மறக்கும்போது பெரும்பாலும் அங்கேதான் அறும். முதல் அடி முழுவதும் வந்துவிடும். அதற்குப் பிறகு எந்தச் சொல் என்று தெரியாமல் நிற்போம். அந்த இடத்தில் கைகொடுக்கவே எதுகை இருக்கிறது. எண்ணென்ப – கண்ணென்ப, கண்ணுடையர் – புண்ணுடையர், உடையார் – கடையரே, தாமின் – காமுறுவர், கேடில் – மாடல்ல. முதற்சீரைச் சொன்னதும் ஐந்தாம் சீர் தானாக எழும். தொட்டனை – கற்றனை என்பதில் இரண்டாம் எழுத்து ட், ற் என மாறினாலும் இரண்டும் வல்லினம் என்பதால் ஓசை பிடித்துக்கொள்ளும்.

இப்போது கல்வி அதிகாரத்தில் எதுகை கைவிடும் குறள்கள் எவை என்று பாருங்கள். இரண்டு இருக்கின்றன.

உவப்பத் தலைக்கூடி உள்ளப் பிரிதல்
அனைத்தே புலவர் தொழில் (394)

யாதானும் நாடாமால் ஊராமால் என்னொருவன்
சாந்துணையுங் கல்லாத வாறு (397)

'உவப்ப' என்று தொடங்கினால் 'அனைத்தே' வரும் என்பதற்கு ஓசையில் எந்தத் துப்பும் இல்லை. இந்த இரண்டும் நழுவும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கலாம். இதற்குச் செய்ய வேண்டியது: முதல் அடியின் கடைசிச் சீரையும் இரண்டாம் அடியின் முதற்சீரையும் ஒரே மூச்சாகப் பத்துத் தடவை சொல்வது. 'பிரிதல் அனைத்தே, பிரிதல் அனைத்தே'. 'என்னொருவன் சாந்துணையும், என்னொருவன் சாந்துணையும்'. அந்தப் பாலம் உறுதியானால் மற்றது தானாக வரும். 394-இல் உவப்ப – உள்ள என்ற மோனை முதல் அடியைக் காப்பாற்றுகிறது. பாலம் மட்டுமே பலவீனம். ஓர் அதிகாரத்தைத் தொடங்கும் முன் பத்துக் குறளிலும் முதற்சீரையும் ஐந்தாம் சீரையும் மட்டும் எழுதிப் பார்த்தால், எவை எதுகையில்லாதவை என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவற்றை வெள்ளிக்கிழமையில் விழாதபடி வையுங்கள். திங்கள், செவ்வாயில் வந்தால் அதே வாரத்தில் மீண்டும் கேட்க நாள் இருக்கும். வரிசை மாறினால் குற்றமில்லை, எண்ணைத் தலைப்பில் கொடுத்துவிடுகிறோம் அல்லவா.

இன்னொரு சிக்கல், ஒன்றுபோல் முடிவது. 393 'புண்ணுடையர் கல்லா தவர்' என்று முடிகிறது, 395 'கடையரே கல்லா தவர்' என்று முடிகிறது. ஒரே வாரத்தில் இரண்டையும் கற்றால் ஒன்றின் வால் மற்றதன் தலையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டதைக் கண்டுபிடிப்பது எளிது: சொல்பவர் தயக்கமே இல்லாமல் தவறாகச் சொல்வார். அப்படி நேர்ந்தால் இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லவைத்து வேறுபாட்டைக் காட்டுங்கள். தனித்தனியே திருத்தினால் மறுபடி ஒட்டும். இதே காரணத்தால் கல்வி முடிந்ததும் கல்லாமை (41) எடுக்காதீர்கள். சொற்களம் ஒன்றே. இடையில் வான்சிறப்போ நட்போ தகையணங்குறுத்தலோ வைத்துவிட்டுப் பிறகு வாருங்கள். காமத்துப்பாலை ஒதுக்கிவிட்டு அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மட்டும் அனுப்பும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. உரையாடல் போல் அமைந்த அக்குறள்களுக்கு ஒரு குரல் இருக்கிறது, அந்தக் குரலே நினைவுக்கு உதவும்.

பொருள் எழுதுவதில் ஒரே கட்டுப்பாடு: ஒரு வாக்கியம், அதற்கு மேல் வேண்டாம். விளக்கம் நீண்டால் மக்கள் விளக்கத்தைப் படித்துவிட்டுப் பாட்டை விட்டுவிடுவார்கள். ஆனால் தெரிந்த சொல் போலத் தோன்றி வேறு பொருள் தரும் சொற்களை விடாமல் குறிக்க வேண்டும். 400-இல் 'மாடல்ல மற்றை யவை' என்பதில் மாடு என்றால் செல்வம். 394-இல் 'உள்ள' என்றால் நினைக்கும்படி. மகிழும்படி கூடி, இனி எப்போது காண்போம் என்று நினைக்கும்படி பிரிவது புலவர் தொழில். அதை 'உள்ளம் பிரிதல்' என்று தட்டச்சு செய்துவிட்டால் மனம் ஒட்டாமல் பிரிவது என்று பொருள் தலைகீழாகிவிடும். 397-இல் 'நாடாமால் ஊராமால்' என்பதை விசைப்பலகையின் தானியங்கித் திருத்தம் 'நாடாமல்' என்று மாற்றிவிடும். நாடு ஆம், ஊர் ஆம் என்பது அதன் பொருள், 'ஆல்' அசை. அனுப்பும் முன் இந்த மாதிரி இடங்களை அச்சுப் பதிப்போடு ஒத்துப் பாருங்கள். தவறாக மனப்பாடம் ஆனதைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

உரையாசிரியர்களுக்குள் வேறுபாடு வரும் குறள்களும் உண்டு. 398-இல் 'எழுமையும்' என்பதற்கு ஏழு பிறப்பிலும் என்பது மரபான உரை, ஏழு தலைமுறைக்கும் என்று கொள்வாரும் உண்டு. ஆறு மாதத்துக்கும் ஓர் உரையையே பின்பற்றுங்கள். மாற்று உரையை அதே காலையில் சேர்த்தால் இரண்டு பொருளுக்கு நடுவே பாட்டு நழுவும். மனப்பாடம் உறுதியான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பேசலாம், நல்ல பேச்சாகவும் இருக்கும்.

சனிக்கிழமை அந்த வாரத்து ஐந்து குறளையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். ஏதாவது ஒன்றைப் பார்க்காமல் எழுத வேண்டும். எழுதும்போதுதான் வாயில் மறைந்திருந்த பிழை வெளியே வரும். 'கற்க கசடற' என்பதில் க் சேர்த்து 'கற்கக் கசடற' என்று எழுதுவார்கள். 'கற்க' வியங்கோள், அதன் பின் வல்லினம் மிகாது. 'உள்ளப் பிரிதல்' என்பதில் ப்-ஐ விட்டுவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பழைய அதிகாரங்களுக்கு. முடிந்த அதிகாரங்களில் இரண்டைச் சுழற்சியில் எடுத்துச் சொல்லுங்கள். ஒன்றுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பன்னிரண்டு அதிகாரம் சேர்ந்த பிறகும் ஒவ்வொன்றும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்துவிடும். இதோடு வரிசையைக் கலைத்தும் கேட்க வேண்டும். வரிசையாக மட்டும் சொல்லிப் பழகியவரிடம் 400-ஐக் கேட்டால் 391-இலிருந்து மனத்துக்குள் ஓடி வருவார். அது வரிசையின் நினைவே ஒழிய அந்தக் குறளின் நினைவு அன்று. அதற்கு ஞாயிற்றுச் செய்தியில் பொருளை மட்டும் அனுப்புங்கள்: 'கற்றவனுக்கு எதுவும் தன் நாடாகும், ஊராகும்; ஒருவன் சாகும்வரை கல்லாமல் இருப்பது ஏன்?' இதைப் பார்த்து 397-ஐச் சொல்ல வேண்டும். பொருளிலிருந்து பாட்டுக்குப் போகத் தெரிந்தால், பேச்சில் உரிய இடத்தில் அந்தக் குறள் வாயில் வரும்.

அனுப்பும் வேலையை ஒருவரே ஆறு மாதம் காலையில் தட்டச்சு செய்தால் சலித்துவிடும். 130 குறளையும் முன்பே கூகுள் ஷீட்டில் B2 முதல் B131 வரை போட்டு வையுங்கள். 2026 ஜனவரி 5, திங்கட்கிழமை தொடங்குவதாக வைத்துக்கொண்டால், இந்தச் சூத்திரம் அன்றைய குறளைக் காட்டும்:

```
=INDEX(B2:B131, NETWORKDAYS(DATE(2026,1,5), TODAY()))
```

NETWORKDAYS சனி, ஞாயிற்றை விட்டுவிட்டு எண்ணும். தொடங்கிய நாளையும் சேர்த்து எண்ணும். ஆகவே முதல் திங்கள் 1, அடுத்த திங்கள் 6. முந்தைய குறளுக்கு அந்த எண்ணிலிருந்து 1 கழியுங்கள், போன வாரத்ததற்கு 5 கழியுங்கள். முதல் நாளில் முந்தைய குறளின் வரியையும், முதல் வாரம் முழுவதும் போன வாரத்து வரியையும் வெறுமையாக விட்டுவிடுங்கள். அப்போது கழித்தால் சுழியோ எதிர்மறை எண்ணோ வந்து சூத்திரம் குழம்பும். இந்தக் கணக்கில் 130-ஆவது குறள் 2026 ஜூலை 3, வெள்ளிக்கிழமை வரும். நடுவில் ஊருக்குப் போய் ஒரு வாரம் நின்றுபோனால் தொடக்கத் தேதியை ஏழு நாள் தள்ளி எழுதினால் போதும், எல்லாம் தானாகத் தள்ளிக்கொள்ளும். விட்ட குறள்களை ஒரே நாளில் சேர்த்து அனுப்பாதீர்கள். அடுத்தடுத்த அதிகாரத்தையும் சேர்த்துக் குலைப்பது அந்தக் குவியல்தான்.

வாட்ஸ்அப்பில் இதற்கென்று தனிக் குழு வையுங்கள், நிர்வாகி மட்டுமே அனுப்பலாம் என்று அமைத்துவிடுங்கள். குடும்பக் குழுவிலேயே அனுப்பினால் காலை வணக்கப் படங்களுக்குக் கீழே குறள் புதைந்துவிடும். ஒலிபரப்புப் பட்டியல் வழியாக அனுப்புவதாக இருந்தால், உங்கள் எண்ணைத் தன் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். வரவில்லை என்று சொல்பவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

130 முடிந்ததும் இரண்டு வாரம் புதியது எதுவும் வேண்டாம். நாளுக்கு ஓர் அதிகாரம் என்று பதின்மூன்று நாளில் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சொல்லி, இடறியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எதுகையில்லாதவையும் ஒன்றுபோல் முடிபவையும்தான் பட்டியலில் அதிகம் இருக்கும்.

அதன் பிறகு சங்கப் பாட்டுக்குப் போக விரும்பினால் குறுந்தொகை ஏற்றது. பெரும்பாலும் நாலு முதல் எட்டு அடிக்குள் முடிகிறது. ஆனால் வேகத்தை மாற்ற வேண்டும். நாளுக்கு ஒரு பாட்டு முடியாது, வாரத்துக்கு ஒரு பாட்டு. ஆசிரியப்பாவில் வெண்பாவின் இறுக்கமான தளை இல்லை, அடிதோறும் எதுகையை எதிர்பார்க்கவும் முடியாது. 40-ஆம் பாட்டு ஐந்து அடி. கடைசி அடியிலிருந்து பின்னோக்கிக் கற்கலாம்: திங்களன்று 'அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே', செவ்வாயன்று அதற்கு முன் 'செம்புலப் பெயனீர் போல' சேர்த்து இரண்டு அடி, இப்படி வெள்ளியன்று 'யாயும் ஞாயும் யாரா கியரோ' சேர்ந்து பாட்டு முழுமையாகும். சொல்லச் சொல்லப் புதிய அடியிலிருந்து தெரிந்த அடிக்குள் போவதால் நடுவில் அறுந்துபோவது குறையும். சீர் வடிவம் மேலே, சொல் வடிவம் கீழே என்பது இங்கும் அப்படியே; 'தாங்கலந் தனவே' என்பது 'தாம் கலந்தனவே' என்று கீழே இல்லாவிட்டால் படிப்பவர் 'தாங்க' என்ற இடத்திலேயே நின்றுவிடுவார்.